ஆங்கிலக் கட்டுரையில் காலச் சீர்மை: சுயதிருத்தச் சரிபார்ப்பு

காலச் சீர்மை என்பது ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒரு பத்தியின் வினைச்சொற்கள், காரணமின்றி ஒரு காலத்திலிருந்து மற்றொரு காலத்துக்குத் தாவாமல் இருப்பதைக் குறிக்கும். பத்தி முழுவதும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்வதுண்டு; அது தவறு. பத்திக்கு ஓர் அடிப்படைக் காலம் இருக்க வேண்டும். அதை விட்டு விலகும் ஒவ்வோர் இடத்திலும் விலகலுக்கான காரணம் வாசகருக்குத் தெரிய வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பகுதிகளில் தமிழ்வழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தொடங்கும் மாணவர்களிடம் இப்பிழை மிகுதியாகக் காணப்படுவதற்கு இலக்கண அறியாமை மட்டும் காரணமன்று. தமிழ் காலத்தைக் காட்டும் முறையும் ஆங்கிலம் காட்டும் முறையும் வேறு வேறு என்பதே பெரிய காரணமாகும்.

பிழை பிறக்கும் இடங்கள்

தமிழில் ஒரு நீண்ட வாக்கியத்தின் காலத்தைக் கடைசி வினை மட்டுமே சுமக்கிறது. "அவர் காலையில் எழுந்து, தோட்டத்துக்குப் போய், மாட்டுக்குத் தீவனம் வைத்து, பேருந்து ஏறி, கல்லூரிக்கு வந்தார்" என்ற வாக்கியத்தில் 'வந்தார்' மட்டுமே முற்றுவினை. அதை 'வருவார்' என்று மாற்றினால், முன்னுள்ள வினையெச்சங்களில் ஓர் எழுத்தும் மாறாமல் வாக்கியம் முழுவதும் அன்றாட வழக்கத்தைக் கூறுவதாகிவிடும். ஆங்கிலத்தில் இதே செய்தியை 'அண்ட்' போட்டு அடுக்கினால் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்டியாக வேண்டும். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவர் முதல் வினையை 'வோக்' என்றும், கடைசி வினையை 'கேம்' என்றும் சரியாக எழுதிவிட்டு, இடையிலுள்ளவற்றை 'கோ', 'கிவ்' என்று மொட்டையாக விட்டுவிடுகிறார். வரிசையின் நடுவில் பிழை ஒளிந்திருப்பதால் மறுவாசிப்பிலும் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது இடம், வழக்கத்தைக் கூறும் எதிர்காலம். "ஆடி மாதம் காற்று பலமாக அடிக்கும்" என்பதில் 'அடிக்கும்' வடிவத்தில் எதிர்காலம். பொருளோ ஆண்டுதோறும் நடப்பது. இதை ஆங்கிலமாக்கும்போது 'வில் ப்ளோ' என்று எழுதினால், நிகழ்காலத்தில் ஓடும் பத்தியில் அந்த வாக்கியம் மட்டும் வரப்போகும் ஆடியைப் பற்றியதாக ஒலிக்கிறது. அங்கே வேண்டியது 'ப்ளோஸ்' என்ற சாதாரண நிகழ்காலம்.

மூன்றாவது, 'இருந்தது' சேரும் வினைகள். "போன வாரம் ஊருக்கு வந்திருந்தார்" என்பது இயல்பான தமிழ். அதை அப்படியே 'ஹேட் கம்' என்று எழுதுவது தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட பழக்கம். நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களிடமும் இதைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் 'ஹேட்' சேர்ந்த இறந்தகால நிறைவு வடிவம், கடந்துபோன ஒரு நிகழ்ச்சிக்கும் முன்னால் இன்னொன்று நடந்து முடிந்திருந்தால் மட்டுமே தேவைப்படுகிறது. ஒப்பிட இரண்டாவது நிகழ்ச்சி இல்லையென்றால் 'கேம்' போதும்.

நான்காவது, பிறர் கூற்று. "நாளைக்கு வாரேன்னு சொன்னானுங்க" என்று கொங்கு வழக்கில் சொல்லும்போது, அவன் சொன்ன 'வாரேன்' மாறாமல் அப்படியே நிற்கிறது. ஆங்கில அயற்கூற்றில் 'செட்' என்ற இறந்தகால வினைக்குப் பின் வரும் வினையும் பெரும்பாலும் ஒரு படி பின்னுக்குப் போகும்: 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும். சொல்லப்பட்ட செய்தி இன்றும் உண்மையாக இருந்தால் 'இஸ்' என்றே விடுவதும் ஏற்கத்தக்கது.

சரிபார்க்கும் முறை

காலத்தைச் சரிபார்ப்பதற்குத் தனியாக ஒரு வாசிப்பு ஒதுக்க வேண்டும். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது தப்பிவிடும். எழுத்துப்பிழை பார்க்கக் கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கும் உத்தி உண்டு; காலத்துக்கு அது உதவாது. தாவல் என்பது ஒரு வினைக்கும் அடுத்த வினைக்கும் இடையில் நிகழ்வது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வாக்கியமும் சரியாகவே தோன்றும். கணினியின் பிழைதிருத்தி பல நேரங்களில் கோடு போடாமல் கடந்துசெல்வதும் இதனால்தான்.

முதலில் பத்தியின் முற்றுவினைகளை மட்டும் அடிக்கோடிட வேண்டும். 'டு' சேர்ந்த வினை, 'இங்' விகுதி பெற்றுத் துணைவினை இன்றி நிற்கும் சொல், பெயருக்கு முன் அடையாக வரும் 'பொல்யூட்டட்' போன்ற சொல் ஆகியவை காலம் காட்டாதவை. அவற்றை விட்டுவிட வேண்டும். தமிழில் எச்சமாக வரக்கூடியவை இவை என்று நினைவில் கொண்டால் பிரித்தறிவது எளிது. 'புட்', 'கட்', 'ஸ்ப்ரெட்' போன்ற வினைகள் நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே வடிவில் இருப்பதால், அவற்றின் காலத்தைப் பக்கத்து வினைகளைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு வினையின் மேலும் ஓர் எழுத்துக் குறி இட வேண்டும்: நிகழ்காலத்துக்கு 'நி', இறந்தகாலத்துக்கு 'இ', இறந்தகால நிறைவுக்கு 'இநி', எதிர்காலத்துக்கு 'எ'. பின்னர் வாக்கியங்களை மறந்து, குறிகளை மட்டும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். குறி மாறும் ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே காலம் மாறியதை வாசகருக்குச் சொல்லும் சொல் அல்லது பொருள் இருக்கிறதா? ஆண்டு, 'டுடே', 'பிஃபோர் தட்' போன்ற காலச்சொல் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யும். எதுவும் இல்லையென்றால் அது பிழை என்றே கொள்ளலாம்.

ஒரு பத்தி: நொய்யல் ஆறு

நொய்யலைப் பற்றி ஒரு மாணவர் எழுதக்கூடிய பத்தி இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆற்றின் போக்கு என்றும் உள்ளது. அதற்கு நேர்ந்தது வரலாறு. இன்றைய நிலை வேறு. ஆகவே காலம் மாறியே தீரும்.

முதல் வாக்கியம், நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றுவதைக் கூறுகிறது, வினை 'ரைசஸ்'. இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு வினைகள்: கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகப் பாய்வதற்கு 'ப்ளோஸ்', காவிரியில் கலப்பதற்கு 'ஜாயிண்ட்'. மூன்றாவது, தென்மேற்குப் பருவமழையின்போது ஆற்றில் நீர் வருவதைப் பற்றியது; மாணவர் 'வில் கம்' என்று எழுதியிருக்கிறார். நான்காவது, ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டப்பட்டதைக் கூறுகிறது. வினை 'ஹேட் பீன் பில்ட்'. ஐந்தாவதில் சாயப்பட்டறைக் கழிவுநீர் அணைக்குள் நுழைந்ததற்கு 'என்டர்ஸ்', விவசாயிகள் அந்நீரைப் பாய்ச்சுவதை நிறுத்தியதற்கு 'ஸ்டாப்ட்'. ஆறாவது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டதை 'ஆர்டர்டு' என்றும், அதற்குள் பல கிணறுகளின் நீர் கெட்டுப்போயிருந்ததை 'பை தென்' என்று தொடங்கி 'ஹேட் டர்ண்டு' என்றும் கூறுகிறது. கடைசி வாக்கியம் 'டுடே' என்று தொடங்கி, அணை நிற்பதை 'ஸ்டாண்ட்ஸ்' என்கிறது.

பத்து முற்றுவினைகளுக்கும் குறியிட்டால் வரிசை இப்படி அமைகிறது: நி, நி, இ, எ, இநி, நி, இ, இ, இநி, நி. ஒன்பது இணைப்புகளில் ஏழு இடங்களில் குறி மாறுகிறது. குறிவரிசையைப் பார்த்தவுடனேயே, பத்தி நிலைகொள்ளாமல் ஆடுவது தெரிந்துவிடும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மூன்றாவது வினை 'ஜாயிண்ட்' நொய்யல் ஒரு காலத்தில் காவிரியில் கலந்து, இப்போது கலப்பதில்லை என்ற பொருளைத் தருகிறது. எழுதியவர் அதைக் கருதவில்லை, எனவே 'ஜாயின்ஸ்'. நான்காவது, வழக்கத்தைக் கூறும் 'வரும்' என்பதன் நேர்மொழிபெயர்ப்பு, எனவே 'கம்ஸ்'. ஐந்தாவதில் 1992 என்ற ஆண்டே இருக்கிறது, ஆனால் அதற்குப் பிந்திய நிகழ்ச்சி எதுவும் அந்த வாக்கியத்தில் ஒப்பிடப்படவில்லை. எனவே 'வாஸ் பில்ட்'. ஆறாவது வினை 'என்டர்ஸ்' அடுத்துள்ள 'ஸ்டாப்ட்' என்பதற்குக் காரணமாக நிற்பது. காரணம் நிகழ்காலத்திலும் விளைவு இறந்தகாலத்திலும் இருக்க முடியாது, எனவே 'என்டர்டு'.

ஒன்பதாவது வினையில்தான் பலர் தவறாகக் கை வைக்கிறார்கள். முன்பு ஒரு 'ஹேட்' நீக்கப்பட்டதால் இதையும் நீக்கிவிடத் தோன்றும். ஆனால் இங்கே நீதிமன்ற ஆணை என்ற கடந்த நிகழ்ச்சி இருக்கிறது. கிணறுகள் கெட்டது அதற்கும் முந்தியது. 'பை தென்' என்ற சொல் அதை அறிவிக்கிறது. இந்த 'ஹேட்' நிற்க வேண்டும். எடுத்துவிட்டால், ஆணைக்குப் பிறகு கிணறுகள் கெட்டன என்று வாசகர் புரிந்துகொள்ளக்கூடும். நிகழ்ச்சிகளின் வரிசையே புரண்டுவிடும்.

திருத்தியபின் வரிசை: நி, நி, நி, நி, இ, இ, இ, இ, இநி, நி. காலம் மூன்று இடங்களில் மட்டுமே மாறுகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் இருக்கிறது: முதலில் '1992', அடுத்து 'பை தென்', இறுதியில் 'டுடே'.

விதிவிலக்குகள்

மேற்கோள்குறிக்குள் உள்ள பிறர் சொற்களை இந்தச் சரிபார்ப்பில் தொடக்கூடாது. நாவல், நாடகம் பற்றிய கட்டுரையில் கதை நிகழ்ச்சிகளை நிகழ்காலத்தில் கூறுவது ஆங்கில மரபு. ஆசிரியர் பிறந்தது, நூல் வெளிவந்தது ஆகியவை இறந்தகாலத்தில் வரும். இவ்விரண்டும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருவது பிழையாகாது. ஆய்வக அறிக்கையில் செய்த செயல்முறை இறந்தகாலத்திலும், "அட்டவணை காட்டுகிறது" போன்ற கூற்று நிகழ்காலத்திலும் அமைவது வழக்கம்.

வரலாற்றை நிகழ்காலத்தில் விறுவிறுப்பாகக் கூறும் நடையும் ஆங்கிலத்தில் உண்டு. அதைத் தேர்ந்தால் பத்தி முடியும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். பயிற்சி குறைந்தவர்கள் மூன்றாவது வாக்கியத்திலேயே இறந்தகாலத்துக்கு வழுக்கிவிடுவதால், தேர்வுக் கட்டுரையில் இறந்தகாலமே பாதுகாப்பானது.

தேர்வு அறையில் எல்லாப் பத்திகளுக்கும் குறியிட நேரம் கிடைக்காது. ஆண்டுகள் இடம்பெறும் பத்தியையும், 'செட்' அல்லது 'டோல்ட்' வரும் பத்தியையும், 'அண்ட்' அடுக்கிவரும் வாக்கியங்களையும் மட்டும் தேர்ந்து பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. வினைகளின் மேல் பென்சிலால் மெல்லிதாகக் குறித்துவிட்டு, விடைத்தாளைக் கொடுக்கும் முன் அழித்துவிடலாம்.