‘வாங்க’ காதில் விழ வேண்டும்

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் நான் பார்த்த கல்யாணங்களில், மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டுப் பந்தலை எட்டியதும் சுமங்கலிகள் ஆரத்தி எடுப்பார்கள். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்து சிவந்திருக்கும். பிறகு பெண்ணின் அம்மா கைகூப்பி, “வாங்க சம்பந்தி, வாங்க மாப்பிள்ளை, உள்ளே வந்து உட்காருங்க” என்பார்.

இதில் சிக்கல் உறுமி மேளம்தான். எங்கள் உறவில் ஒரு கல்யாணத்தில் அம்மா முறையாகத்தான் அழைத்தார். மேளச் சத்தத்தில் பின்னால் நின்ற மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு எதுவும் கேட்கவில்லை. “நம்மள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே” என்று பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். பெண்ணின் அப்பா போய்க் கையைப் பிடித்து அழைத்த பிறகுதான் உள்ளே வந்தார்.

அடுத்த கல்யாணத்தில் இரண்டு ஏற்பாடு செய்தோம். ஆரத்தி முடிந்ததும் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டோம். இரு வீட்டையும் அறிந்த அத்தை ஒருவர் அம்மாவின் அருகில் நின்று, “இவங்க மாப்பிள்ளையோட பெரியம்மா, அவர் தாய்மாமா” என்று காதோடு சொன்னார். அம்மா ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, முறை சொல்லி அழைத்தார். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆனது. வெளியே யாரும் நிற்கவில்லை.