‘ராமேஸ்வரம் எப்படி?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும்!

“ஃப்ரெண்ட்ஸ், மே மாசம் ராமேஸ்வரம் போறோம். நல்ல லாட்ஜ், பார்க்க வேண்டிய இடமெல்லாம் சொல்லுங்க.”

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி போட்டால் பத்தே நிமிடத்தில் பதில்கள் வந்து குவியும். “சூப்பர் ஊர்.” “தனுஷ்கோடி மிஸ் பண்ணிடாதீங்க.” “கோயில் பக்கத்துலயே நிறைய லாட்ஜ் இருக்கு.” நடுவில் நான்கு கட்டைவிரல்கள், இரண்டு கும்பிடுகள். எதுவும் பொய்யில்லை. ஆனால், இதை வைத்துக்கொண்டு ஓர் அறைகூட பதிவுசெய்ய முடியாது.

பதில் சொன்னவர்கள்மீது தப்பில்லை. போவது புதுமணத் தம்பதியா, தீர்த்தமாட வரும் பெரியவர்களா, கல்லூரி நண்பர்களா என்று கேள்வியில் எதுவுமே இல்லை. எல்லோருக்கும் பொருந்துகிற பதிலைத்தான் அவர்களால் சொல்ல முடியும். அதே நண்பர்களிடம் அதே பயணத்துக்கு வேறு மாதிரி கேட்டால் என்ன கிடைக்கும்? ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

யார் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

திருச்சியில் வேலை பார்க்கும் ஒரு பெண், கணவர், ஒன்பது வயது மகன், 68 வயது அம்மா ஆகியோருடன் மே மாதம் ராமேஸ்வரம் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் 22 தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ராமநாதசுவாமி கோயிலில் தீர்த்தமாடுவது எப்படி என்று தெரிந்தால், ‘நல்ல லாட்ஜ்’ என்ற சொல்லுக்கு இந்தக் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்பது புரிந்துவிடும். முதலில் கோயிலுக்குக் கிழக்கே கடலில், அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள். கிணற்றிலிருந்து வாளியில் நீர் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். ஒன்று முடிந்து அடுத்ததற்கு ஈரத் துணியோடு நடக்க வேண்டும். எல்லோரும் சொட்டச் சொட்ட நடப்பதால் கல்தரை நனைந்தே கிடக்கும். எல்லாம் முடித்து உலர்ந்த ஆடைக்கு மாறிய பிறகுதான் சுவாமி தரிசனம்.

சிறுவனுக்கு இது கொண்டாட்டம். முழங்கால் வலி உள்ளவருக்கு ஒவ்வொரு அடியும் கவனம். ஆக, இவர்களுக்கு நல்ல லாட்ஜ் என்றால் கடல் தெரியும் ஜன்னல் அல்ல. ஈரத் துணியோடு நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்திலோ லிஃப்ட் வசதியோடோ, வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள ஓர் அறை. இதை அப்படியே கேள்வியில் வைத்தால் போதும்:

“மே இரண்டாவது சனி, ஞாயிறு ராமேஸ்வரம் போறோம். நாலு பேர். அம்மாவுக்கு 68 வயசு, மூட்டுவலி, படி ஏற முடியாது. 22 தீர்த்தமும் ஆடணும்னு ஆசைப்படுறாங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனவங்க யாராவது இருக்கீங்களா? எங்க தங்கினீங்க, அங்கிருந்து கோயிலுக்கு எப்படிப் போனீங்க?”

இதற்கு முப்பது பேரும் பதில் போட மாட்டார்கள். இரண்டு பேர் போடலாம். நமக்கு வேண்டியது அந்த இரண்டு பேர்தான்.

இன்னொன்று: அந்த இருவரிடமும் குழுவிலேயே பேச்சைத் தொடராமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒருவர் ஒரு லாட்ஜைப் புகழ்ந்துவிட்டால், அதில் கஷ்டப்பட்டவர் முப்பது பேர் முன்னால் மறுத்துப் பேசத் தயங்குவார்.

நடந்ததைக் கேளுங்கள்

அந்த இரண்டு பேரில் ஒருவர், தன் அப்பாவை அழைத்துப் போய்வந்த சக ஊழியர். அவரிடமும் “லாட்ஜ் எப்படி சார் இருந்துச்சு?” என்று கேட்டால், “நல்லாத்தாம்மா இருந்துச்சு” என்பார். நம் ஊரில் ‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்பது பாராட்டாகவும் இருக்கலாம், நாகரிகமாகச் சொன்ன குறையாகவும் இருக்கலாம். அபிப்பிராயம் கேட்டால் மரியாதை முன்னால் வந்து நின்றுகொள்ளும். நடந்ததைக் கேட்டால் அதற்கு வேலையில்லை.

“காலையில எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க சார்?”

“ஸ்படிகலிங்க தரிசனம் விடியக்காலை அஞ்சு மணிக்கும்மா. அதுக்காக நாலரைக்கே அப்பாவை எழுப்பிட்டேன். அதை முடிச்சுட்டுத்தான் தீர்த்தமாடப் போனோம்.”

“அப்பா முழுசா ஆடினாரா?”

“பாதியிலயே கால் வலிக்குதுன்னுட்டார். அங்கங்க உட்கார வெச்சு உட்கார வெச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன்.”

“துணி எங்க மாத்தினீங்க?”

“அதான் தப்பாப்போச்சு. ரூம் தூரம். ஈரத்தோட ஆட்டோ தேட வேண்டியதாப்போச்சு.”

‘நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற அதே லாட்ஜ் பற்றித்தான் இவ்வளவும். அவர் எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: “திரும்பவும் அப்பாவைக் கூட்டிட்டுப் போனா எதை மாத்துவீங்க சார்?” ‘என்ன குறை?’ என்று கேட்டால், பரிந்துரைத்த இடத்தையே பழிக்க வேண்டியிருக்கிறதே என்று சங்கடப்படுவார். எதை மாற்றுவீர்கள் என்றால் அது குறையல்ல, யோசனை. “முதல்நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்து ரெஸ்ட் எடுத்துக்குவேன். ஒரே காலையில ரெண்டையும் வெச்சுக்க மாட்டேன். தரிசனம் ஒருநாள், தீர்த்தம் ஒருநாள்” என்று பதில் வந்தால், உங்கள் இரண்டு நாள் திட்டம் பாதி முடிந்தது.

‘எப்போ போனீங்க?’

ராமேஸ்வரத்தைப் பொறுத்தவரை, பதிலோடு சேர்த்துக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது தேதி. அண்மை ஆண்டுகளில் ஊர் அவ்வளவு மாறியிருக்கிறது.

“தனுஷ்கோடிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஜீப்ல மணல்லயும் தண்ணியிலயும் குலுக்கி எடுத்துடுவான்” என்று ஒருவர் சொல்கிறார். 2015-ல் போனவர் என்றால் அவர் சொல்வது சத்தியம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்போது முழுமையான சாலை கிடையாது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்துவிட்டார்கள். இப்போது காரிலேயே முனை வரை போகலாம். ஜீப்புக்குப் பயந்து அம்மாவை அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

“ட்ரெயின் வேண்டாம், மண்டபத்துல இறங்கி பஸ் பிடிக்கணும்” என்கிறார் இன்னொருவர். இதுவும் ஒரு காலத்து உண்மை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன்பிறகு ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுவிட்டன. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகு ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. மூட்டுவலிக்காரருக்கு இடையில் இறங்கி ஏறும் சிரமம் இல்லை.

சொன்ன இருவருமே அனுபவித்ததைத்தான் சொன்னார்கள். பதில் சரி, காலம்தான் பழசு.

வருடத்தைப் போலவே மாதத்தையும் கேளுங்கள். “பாம்பன்ல மீன் சாப்பிடுங்க, அப்பப் பிடிச்ச மீன்” என்று ஒருவர் ஆசை காட்டலாம். அவர் போனது ஜனவரி. நீங்கள் போவது மே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். வரத்து குறையும், விலை ஏறும். ஜனவரியில் அரிச்சல்முனையில் ஒரு மணி நேரம் நின்றதாகச் சொல்பவரின் பேச்சை நம்பி மே மாத மதியத்தில் அம்மாவை அங்கே நிறுத்திவிடாதீர்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. காலையிலோ வெயில் தாழ்ந்தோ போகலாம். வெயில் தாழ்ந்து போவதென்றால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். இருட்டும் முன்பே வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உள்ளூர்க்காரரிடம் என்ன கேட்பது?

ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் அலுவலகத்தில் இருந்தால் எல்லோரும் அவரிடம்தான் ஓடுவோம். ஆனால், “நல்ல லாட்ஜ் சொல்லுங்கண்ணே” என்று கேட்டால் அவர் விழிப்பார். சொந்த ஊரில் யார் லாட்ஜில் தங்குவார்கள்? கேட்டவர் மனம் கோணக் கூடாதே என்று, போகிற வழியில் பார்த்த ஒரு பெயரைச் சொல்லிவைப்பார்.

அவருக்குத் தெரிந்தது வேறு. எந்த நாளில் கூட்டம் என்று கேளுங்கள். “ஆடி அமாவாசை, தை அமாவாசை பக்கம் பெரியவங்களைக் கூட்டிட்டு வந்துடாதீங்க, கால் வைக்க இடம் இருக்காது” என்பார். இதைச் சொல்ல அவரைவிட யார் இருக்கிறார்கள்?

வாங்கிவர வேண்டிய பொருளுக்கும் அவர்தான் ஆள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. “நல்ல மிளகாய் எங்க கிடைக்கும்?” என்று கேட்டால் “எல்லாக் கடையிலயும் கிடைக்கும்” என்று முடித்துவிடுவார். “உங்க வீட்டுக்கு வருஷ மிளகாய் எந்த மாசம் வாங்குவீங்க? எத்தனை கிலோ? யார்கிட்ட? எப்படிப் பார்த்து எடுப்பீங்க?” என்று கேளுங்கள். வாங்கும் மாதம், கடை, நிறம், காய்ச்சல் பதம் எல்லாம் ஒவ்வொன்றாக வரும். ஊருக்குச் சொல்வது வேறு, தன் வீட்டுக்குச் செய்வது வேறு. இரண்டாவதைக் கேளுங்கள்.

கேட்ட பிறகு…

இருவர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அதை நம்பலாம். ஒருவர் புகழ்ந்து இன்னொருவர் குறைசொன்னால், இருவரில் யார் உங்களைப் போன்ற குடும்பத்தோடு போனார் என்று பாருங்கள். நண்பர்களோடு போனவருக்கு மூன்றாவது மாடி ஒரு பொருட்டே இல்லை.

லாட்ஜின் பெயர் கிடைத்துவிட்டாலும், பணம் கட்டும் முன் நேரடியாகப் போன் செய்து “தரைத்தளத்துல ரூம் இருக்கா? இல்லைன்னா லிஃப்ட் வேலை செய்யுதா?” என்று கேட்டுவிடுங்கள். அம்மா 22 தீர்த்தமும் ஆடலாமா என்பதை நண்பர்கள் யாரும் சொல்ல முடியாது. அதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

திரும்பி வந்ததும், யோசனை சொன்னவரிடம் நான்கு வரி சொல்லுங்கள். “நீங்க சொன்ன மாதிரி ரெண்டு நாளா பிரிச்சுக்கிட்டோம் சார். அம்மா நடுநடுவுல உட்கார்ந்து எல்லாத் தீர்த்தமும் ஆடிட்டாங்க. ஆனா, நீங்க சொன்ன ஹோட்டலை இப்ப மூடிட்டாங்க.” அடுத்து அவரிடம் ராமேஸ்வரம் பற்றிக் கேட்பவருக்கு, பழைய தேதியிட்ட அந்த ஹோட்டல் பெயர் போகாது.