அறுபது கட்லெட்டுக்கு எத்தனை கிலோ கறி?

"அறுபது கட்லெட் போடணும், கொத்துக்கறி எவ்வளவு வாங்கணும்?" என்று கேட்டால் கறிக்கடைக்காரர் ரெண்டு கிலோ போதும் என்பார். பக்கத்து வீட்டு அக்கா மூணு கிலோவாவது வேணும் என்பார். இரண்டு பதிலையும் தவறென்று தள்ள முடியாது. கேள்வியில் எண்ணிக்கை இருக்கிறது, அளவு இல்லை. கட்லெட் எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் என்று முடிவு செய்யாதவரை கிலோ கணக்கை யாராலும் சொல்ல முடியாது.

அளவில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் வட்டமான பண்டத்தின் எடை அகலத்தோடு சேர்ந்து மெதுவாக ஏறுவதில்லை, வேகமாக ஏறுகிறது. பிசைந்த கட்லெட் கலவைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. குறுக்களவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, பிறகு கனத்தால் பெருக்கி, கடைசியில் 0.8 ஆல் பெருக்கினால் ஒரு கட்லெட்டின் எடை கிராமில் கிடைக்கும். ஆறரை சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை சென்டிமீட்டர் கனம் என்றால் ஏறக்குறைய 50 கிராம். வீட்டு விருந்துகளில் பரிமாறும் வழக்கமான கட்லெட் இதுதான். அதே கனத்தில் அகலத்தை மட்டும் எட்டு சென்டிமீட்டர் ஆக்கினால் 77 கிராம் ஆகிவிடும். பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிது, கறியோ ஒன்றரை மடங்கு. மாலை டீயோடு வைக்கும் ஐந்து சென்டிமீட்டர் கட்லெட்டுக்கு 30 கிராம் போதும்.

இங்கே 50 கிராம் கட்லெட்டையே எடுத்துக்கொள்ளலாம். அறுபது கட்லெட்டுக்கு உருட்டத் தயாரான கலவை மூன்று கிலோ வேண்டும். பாத்திரத்திலும் கையிலும் ஒட்டுவது, உப்புப் பார்க்க எடுப்பது, முதலில் ஒன்றைப் பொரித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு ஐந்து பங்கு கூட்டினால் 3150 கிராம். இதில் எத்தனை பங்கு கறி என்பது அடுத்த கேள்வி. கறி வாசமும் கடிக்கும்போது கறியின் நாரும் தெரிய வேண்டுமானால் பாதி எடை வெந்த கறியாக இருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி மசித்த உருளைக்கிழங்கு. வதக்கிய வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், மல்லித்தழை ஆகியவை மிச்சத்தை நிரப்பும். அப்படியானால் வெந்து சுண்டிய கறி 1575 கிராம் வேண்டும்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். வெந்த கறி ஒன்றரைக் கிலோ வேண்டுமென்றால் பச்சைக் கறியும் ஒன்றரைக் கிலோதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறியில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான். சூடு ஏற ஏறக் கறியின் புரதம் சுருங்கி, உள்ளே பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளுகிறது. முழுத் துண்டாக வேகும் கறியைவிடக் கொத்திய கறி இதை வேகமாகச் செய்யும், ஏனென்றால் ஒவ்வொரு துணுக்கும் எல்லாப் பக்கமும் வெட்டுப்பட்டுத் திறந்து கிடக்கிறது. கொழுப்பும் உருகிப் பிரிந்துவிடும். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், உப்பு சேர்த்துத் தண்ணீர் வற்றும்வரை வதக்கிய கொத்துக்கறியை எடைபோட்டால், ஒரு கிலோவில் 650 முதல் 700 கிராம்வரைதான் மிஞ்சும்.

நடுவில் 680 என்று வைத்துக்கொண்டால், 1575 கிராம் வெந்த கறிக்கு 2.3 கிலோ பச்சைக் கொத்துக்கறி தேவை. இதோடு பச்சை உருளைக்கிழங்கு 1.3 கிலோ, வெங்காயம் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். கிழங்கு தோலோடு எடை குறையும், வெங்காயம் வதங்கிப் பாதியாகும், அதனால்தான் இந்த அளவு.

கடைக்காரர் சொன்ன இரண்டு கிலோவை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெந்த பின் 1360 கிராம் இருக்கும். கறியும் மற்றவையும் சரிபாதி என்ற விகிதத்தைக் காத்தால் ஐம்பத்திரண்டு கட்லெட்டோடு கலவை தீர்ந்துவிடும். எட்டு பேர் தட்டில் குறை. நடைமுறையில் யாரும் அப்படிக் குறைய விடுவதில்லை. இன்னும் நான்கு கிழங்கை வேகவைத்து மசித்துச் சேர்த்துவிடுவார்கள். எண்ணிக்கை அறுபதைத் தொடும், கறியின் பங்கு பாதியிலிருந்து 43 சதவீதத்துக்கு இறங்கிவிடும். விருந்தில் "கட்லெட்ல உருளைக்கிழங்குதான் இருக்கு" என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் கஞ்சத்தனத்தால் இல்லை, வெந்தால் எவ்வளவு குறையும் என்று கடையில் நிற்கும்போது கணக்கிடாததால்தான்.

கடையில் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. 2.3 கிலோ என்பது எலும்பில்லாத கறியின் எடை. தொடைக்கறியை எலும்போடு நிறுத்து வாங்கி, பிறகு கறியைப் பிரித்துக் கொத்தச் சொல்பவர்கள் மூன்று கிலோவுக்கு நெருக்கமாக வாங்க வேண்டியிருக்கும். அந்த எலும்பு வீணாகாது, சூப்புக்கு ஆகும். கொழுப்பு மிகுந்த நெஞ்சுப் பகுதியைச் சேர்த்துக் கொத்தினால் வாணலியில் எண்ணெய் அதிகம் பிரியும், கிலோவுக்கு 650 கிராம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது, கழுவுவது. கொத்திய பிறகு கறியைக் கழுவினால் அந்தத் துணுக்குகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எடை கூடினதுபோலத் தெரியும், ஆனால் கூடியது கறி இல்லை. அந்தத் தண்ணீரையும் வற்றவைக்க அடுப்பு நேரம் நீளும், கறி ரப்பராகும். துண்டாக இருக்கும்போதே கழுவி, நீரை நன்றாக வடித்த பிறகு கொத்தச் சொல்வது நல்லது. வீட்டில் கழுவியே ஆக வேண்டுமென்றால் சல்லடையில் அரை மணி நேரம் வடிய விடலாம்.

கறி சரியாகச் சுண்டியதா என்பதைக் கண்ணாலும் காதாலும் தெரிந்துகொள்ளலாம். வாணலியின் நடுவே கரண்டியால் கறியை விலக்கினால் அந்த இடத்தில் தண்ணீர் ஊறி வரக்கூடாது. கொதிக்கும் சத்தம் நின்று பொரியும் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை பொறுக்காமல் இறக்கினால் கலவை கையில் ஒட்டும், வட்டமாகத் தட்டினாலும் ஓரம் சரியும். எண்ணெயில் போட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி ரொட்டித்தூள் மேல்தோலைப் பிளந்துவிடும். இந்த நிலையில் ரொட்டித்தூளை உள்ளே கலந்து இறுக்குவது வழக்கம். அது கட்லெட்டைக் காப்பாற்றும், ஆனால் கறியின் பங்கை மீண்டும் குறைத்துவிடும். ஈரம் கொஞ்சம்தான் என்றால் கலவையை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தாலே இறுகிவிடும். தட்டும்போது ஓரம் வெடித்தால் நேர்மாறான குறை. கறி அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது, இரண்டு கரண்டி மசித்த கிழங்கு போதும்.

பிசைந்து முடித்ததும் மொத்தக் கலவையை ஒருமுறை நிறுப்பதுதான் இந்த வேலையில் அதிகப் பலன் தரும் ஒரே செயல். 3000 கிராம் எதிர்பார்த்த இடத்தில் 2880 இருந்தால் அறுபதால் வகுத்து, உருண்டை ஒன்றுக்கு 48 கிராம் என்று பிடிக்கலாம். இரண்டு கிராம் குறைவு யார் கண்ணுக்கும் தெரியாது. நிறுக்காமல் கண் அளவில் உருட்டினால் முதல் இருபது உருண்டை பெரிதாகவும் கடைசி இருபது சிறிதாகவும் வருவது வாடிக்கை. ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டியதில்லை. முதல் உருண்டையை நிறுத்து, அந்த அளவு எந்தக் கரண்டியில் தலைதட்டிப் பிடிக்கிறது என்று பார்த்து, அதே கரண்டியால் மற்றவற்றை எடுக்கலாம். முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டும்போது ஒவ்வொன்றும் சில கிராம் கூடும். அது மேல்தோலின் எடை, கறிக் கணக்கில் சேராது. அறுபதுக்கு ரொட்டித்தூள் அரைக் கிலோவும் ஐந்தாறு முட்டையும் கையில் இருக்கட்டும்.

இந்தக் கணக்கை அப்படியே பர்கருக்குள் வைக்கும் கறித்தட்டைக்குக் கொண்டுபோக முடியாது. கட்லெட்டில் கறி சுருங்குவது வாணலியிலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் வடிவம் கொடுக்கிறோம், அதனால் தட்டிய அளவே பொரித்த பின்னும் நிற்கும். பர்கரில் பச்சைக் கறியைத் தட்டிக் கல்லில் போடுவதால் சுருக்கம் முழுவதும் வடிவம் கொடுத்த பிறகு நடக்கிறது. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு எடை போய்விடும் என்று எடுத்துக்கொண்டால், தட்டில் 100 கிராம் வேண்டுமானால் 133 கிராம் பச்சைக் கறியைத் தட்ட வேண்டும். பன்னிரண்டு பர்கருக்கு 1.6 கிலோ. மெக்டொனால்ட்ஸ் 'கால் பவுண்ட்' என்று பெயரிட்டு விற்கும் பர்கரிலும் அந்த எடை வேகும் முன் உள்ள எடைதான். அகலமும் சுருங்கும் என்பதால் பன்னைவிட ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் லேசாகக் குழி அழுத்துவார்கள். இல்லாவிட்டால் ஓரம் உள்வாங்கி நடு உப்பிவிடும்.

பச்சைக் கறியை அரைத்துச் செய்யும் கோலா உருண்டை இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கறி விடும் நீரைப் பொட்டுக்கடலை மாவு அங்கேயே உறிஞ்சிக்கொள்வதால் பர்கர் அளவுக்குச் சுருங்காது. சிலர் கறியை வதக்கிய பிறகே அரைப்பார்கள். அப்போது அதற்கும் கட்லெட் கணக்கே பொருந்தும்.

அறுபதை இருநூறு ஆக்கும்போது பெருக்கினால் மட்டும் போதாது. கொத்துக்கறி ஏழே முக்கால் கிலோ என்று பெருக்கல் சொல்லும். அதை ஒரே அண்டாவில் போட்டால் அடிக்கறி தன் நீரிலேயே வெந்துகொண்டிருக்கும், மேலே ஆவி வெளியேற இடம் போதாது. ஒரு மணி நேரம் கிளறியும் சுண்டாது, பொறுமை இழந்து இறக்கிவிடுவார்கள். நிறுத்தால் கிலோவுக்கு 750 கிராம் கிடைத்ததாகத் தெரியும், அந்த உபரி முழுக்கத் தண்ணீர். அகலமான வாணலியில் இரண்டு இரண்டு கிலோவாக, நான்கு தடவையாக வதக்கி, ஒவ்வொரு தடவையும் நிறுத்து எழுதிக்கொண்டால், கிழங்கை எவ்வளவு வேகவைப்பது என்பதை நான்காவது வாணலி இறங்கும்போது சரியாகச் சொல்லிவிடலாம்.