தினம் நூறு ரூபாய்தானே? உஷார்!

சாயங்காலம் ஆறரைக்கு வண்டியில் வந்து, இறங்காமலேயே "யக்கா, நூறு" என்று கை நீட்டுகிறவரிடம் நீங்கள் தண்டல் வாங்கியிருக்கிறீர்களா? இதைப் படித்து முடிக்கும்வரை அவர் நீட்டும் அடுத்த கடனுக்குத் தலையாட்டாதீர்கள். நூறு ரூபாய் நோட்டு சின்னதுதான். அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டியை நேராகச் சொல்லிக் கேட்டால் நீங்களே அந்த ஆளை விரட்டிவிடுவீர்கள்.

மதுரையில் கோயில் தெரு ஒன்றில் பூ விற்கும் ஒரு அம்மாவை வைத்துக் கணக்குப் பார்ப்போம். பெயர் வேண்டாம், உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லியும் பிச்சியும் எடுத்து வந்து, கட்டி, முழம் போட்டு விற்கிறார். முகூர்த்த நாளில் பூ விலை எகிறும், மற்ற நாளில் கேட்க ஆளிருக்காது. வைகாசி முகூர்த்தம் முடிந்த கையோடு பள்ளிக்கூடம் திறந்தது. சின்னவனுக்கு நோட்டுப் புத்தகம், சீருடை, அதோடு கமிஷன் கடையில் பழைய பாக்கி. "பாக்கியைத் தீர்த்தாத்தான் நாளைக்குப் பூ" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்தவர்தான் தண்டல்காரர். "பத்தாயிரம் தர்றேன்க்கா. தினம் நூறு, நூறே நாள். வட்டியை முன்னாடியே பிடிச்சுக்குவேன், அதுக்கப்புறம் வட்டிங்கற பேச்சே கிடையாது." கையில் எண்ணிக் கொடுத்தது 8,500. நூறு கட்டம் போட்ட ஓர் அட்டையும், தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்தும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

வட்டியைப் பற்றி அந்த அம்மா யோசிக்காமல் இல்லை. பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு என்றால் நூற்றுக்குப் பதினைந்து. நூறு நாள் என்பது மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக மாசத்துக்கு அஞ்சு வட்டி. அஞ்சு வட்டி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அவசரத்துக்கு யார் தருவார்? மனசுக்குள் இப்படிப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். தண்டல் வாங்கும் ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்பு. அதுவும் பாதிக்குப் பாதி தப்பு.

தப்பைக் கண்டுபிடித்தது பி.காம். படிக்கும் மூத்த மகள். ஒரு மழை நாளில், வியாபாரம் இல்லாமல் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, பத்தாயிரத்தை நூறு நாளும் நீயா வச்சிருந்த?"

"பத்தாயிரம் எங்கடி குடுத்தான், எட்டாயிரத்தைந்நூறுதான்."

"சரி, அதையாவது நூறு நாளும் வச்சிருந்தியா? மறுநாளே நூறைத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சுட்டியே!"

விஷயமே இந்த ஒரு கேள்விதான். மாச வட்டிக்கு வாங்கினால் அசல் முழுதும் கடைசி வரை உங்களிடம் இருக்கும். தண்டலில் அப்படியில்லை, அசல் தினமும் கரைகிறது. முதல் நாள் அவருடைய பணம் 8,500 உங்களிடம். ஐம்பதாவது நாள் பார்த்தால் சுமார் 4,600தான் மிச்சம். நூறாவது நாள் ஒன்றுமில்லை. எல்லா நாளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், நூறு நாளும் உங்களிடம் இருந்த அவர் பணம் ஏறக்குறைய 4,500 ரூபாய். அந்த 4,500 ரூபாய்க்குத்தான் 1,500 ரூபாய் வட்டி. மூன்றில் ஒரு பங்கு!

நூறு நாளுக்கே மூன்றில் ஒரு பங்கு என்றால், 365 நாளுக்கு? வருஷத்துக்கு ஏறத்தாழ 120 சதவீதம். மாசத்துக்குப் பார்த்தால் நூற்றுக்குப் பத்து. அஞ்சு வட்டி என்று நினைத்து வாங்கியது பத்து வட்டி. "பத்து வட்டிக்குப் பணம் இருக்கு, வேணுமா?" என்று யாராவது கேட்டிருந்தால் அந்த அம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போயிருப்பார். அதே பத்து வட்டியைத்தான் தினம் நூறாக நறுக்கி விற்றிருக்கிறார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட 1,500 ரூபாய் நஷ்டம் என்று மறந்துவிடலாம். நான் உஷார் என்று அலறுவது அறுபதாவது நாளுக்காக.

அறுபதாவது நாள் தண்டல்காரர் சிரித்த முகத்தோடு வருவார். "யக்கா, ஒரு நாள் விடாமக் கட்டிட்டீங்க. உங்களுக்கு இல்லாம யாருக்கு? புதுசாப் பத்தாயிரம் எடுத்துக்கங்க, பழசை அதுலயே கழிச்சுக்கலாம்." பழைய பாக்கி 4,000. புது வட்டி 1,500. இரண்டையும் பிடித்துக்கொண்டு கையில் 4,500 தருவார். புது அட்டை, மறுபடி நூறு நாள்.

இது முதல் கடனைவிட மோசம். பழைய பாக்கிக்கான நாற்பது நாள் தவணையை எப்படியும் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் புதிதாகச் சேர்வது அறுபது நாள், அதாவது 6,000 ரூபாய். கைக்கு வந்ததோ 4,500. இந்தப் புதுத் துண்டுக்கு மட்டும் வட்டியைப் பிரித்துப் பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 150 சதவீதம் வருகிறது. ஏன் ஏறியது? பழைய 4,000 பாக்கிக்கு வட்டியை முதல் நாளே பிடித்தாகிவிட்டது. அதைப் புதுக் கடனுக்குள் நுழைத்ததால் அதே பணத்துக்கு இன்னொரு தடவை வட்டி பிடிக்கிறார்கள்.

அறுபது நாளுக்கு ஒருமுறை இப்படிப் புரட்டிக்கொண்டே ஒரு வருஷம் ஓடினால் என்ன ஆகும் என்று மகள் அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினாள். முதலில் கைக்கு வந்தது 8,500. பிறகு ஐந்து தடவை 4,500. மொத்தம் வாங்கியது 31,000. 360 நாளில் கட்டியது 36,000. இவ்வளவு கட்டிய பிறகும் பாக்கி 4,000. வட்டியாக மட்டும் 9,000 போயிருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒரு நேரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் கடன் இருந்ததே இல்லை.

"இம்புட்டுமா?" என்றார் அந்த அம்மா. அடுத்து அவர் கேட்டதுதான் நியாயமான கேள்வி: "அப்ப இன்னைக்கே எங்கயாவது புரட்டிப் பாக்கியைக் கட்டிரட்டுமா?"

வேண்டாம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு இரண்டாவது பள்ளத்தில் விழுகிறார்கள். வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டதால், சீக்கிரம் அடைத்தாலும் அவர் பத்துப் பைசா குறைக்கமாட்டார். அறுபதாவது நாள் போனாலும் முழுசாக 4,000 கேட்பார். ஆகவே வேறு கடன் வாங்கி இதை அடைப்பதில் லாபமில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: புதுசு வேண்டாம் என்று சொல்லி, மிச்சம் நாற்பது நாளை ஓட்டி முடித்துவிடுவது.

முடித்த மறுநாள்தான் கண்டம். கையில் முதல் இல்லாமல் கடன் மட்டும் தீர்ந்தால் மறுபடி அதே ஆளிடம்தான் போக வேண்டிவரும். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் வட்டிக் கடனை ஒரேயடியாக அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனில் இருந்தார்கள். ஊதாரித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம், நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு காய்ச்சல், ஒரு சாவு, பூ விற்காத ஒரு வாரம் போதும், தாங்கப் பணமில்லாதவர் தண்டலுக்குத்தான் போவார்.

அதனால் நூற்றோராவது நாளும் நூறு ரூபாயை எடுத்து வைக்க வேண்டும், இந்தத் தடவை தனக்கே. தபால் அலுவலகத்தில் போடட்டும், வங்கிக் கணக்கில் போடட்டும், உண்டியலில்கூடப் போடட்டும். தண்டல்காரர் முதலில் தந்த 8,500 ரூபாய் எண்பத்தைந்தே நாளில் அந்த அம்மாவின் சொந்தப் பணமாக நிற்கும். தினம் நூறு எடுத்து வைக்க முடியும் என்பதை நூறு கட்டமும் நிரம்பிய அந்த அட்டையே காட்டிவிட்டது.

அதற்குள் முதல் தேவைப்பட்டால் தெரு வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் இருக்கிறது. 2020இல் தொடங்கிய திட்டம், 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். அடமானம் கேட்கமாட்டார்கள். முதல் தடவை 15,000 வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரவாகும். மாநகராட்சி தந்த வியாபாரி அடையாள அட்டை வேண்டும், இல்லாதவர்கள் மாநகராட்சியில் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். வங்கிக்கு வங்கி வட்டி மாறும். 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், 10,000 ரூபாயை 12 மாதத் தவணையில் கட்டினால் வட்டி சுமார் 660 ரூபாய். மானியத்தைக் கழித்தால் இன்னும் குறையும். தண்டலில் நூறே நாளுக்கு 1,500. ஆனால் ஒன்று: வங்கி அலைய விடும், தண்டல்காரர் ஐந்து நிமிடத்தில் தருவார். அவசரம் வந்தபிறகு விண்ணப்பித்தால் தோற்றுப்போவீர்கள். வியாபாரம் நன்றாக ஓடும் மாதத்தில் விண்ணப்பியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அடமானமில்லாத கடனுக்கு அரசு நிர்ணயித்த உச்ச வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். நம் பூக்காரம்மா கட்டியது அதைப்போல் பத்து மடங்கு.

மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ஆனால் எதை வைத்துக் கொடுப்பது? கைக்கு வந்தது 8,500 என்று எங்குமே எழுதியிருக்காது. அட்டையில் பத்தாயிரம், புரோநோட்டில் வெற்றிடம். அதனால் பணம் வாங்கிய அன்றே தேதியையும் கைக்கு வந்த தொகையையும் உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள், அட்டையை இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். முடிந்தவரை தவணையைச் செல்போன் வழியாகவே அனுப்புங்கள், தேதியோடு பதிவு நிற்கும். ரொக்கம்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் அப்போதே உஷாராகிவிடுங்கள். தொகை எழுதாத தாளில் கையெழுத்து மட்டும் எந்த அவசரத்துக்கும் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், கடைசிக் கட்டம் நிரம்பும் நாளில் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கடைசி நூறைக் கொடுக்க வேண்டும்.