மாஸ்டருக்கு ஒரு துண்டுச் சீட்டு

"மாஸ்டர், உள்துணி வெயிலுக்கு ஏத்த மாதிரி போடுங்க. பாக்கெட் கொஞ்சம் ஆழமா வைங்க." ஏணி ஏறி வயரிங் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவர் இப்படி ஒரு சீட்டெழுதி, துணியோடு சுருட்டிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தைத்து வந்த சட்டையில் பாக்கெட் கால் இஞ்ச் கூடியிருக்கும். உள்துணி பழையபடியே இருக்கும். மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. சீட்டில் அளவும் இல்லை, துணியின் பெயரும் இல்லை.

சட்டைக்கு ஏது உள்துணி? கழுத்துக்குக் கீழே, தோளை மூடும் யோக்கைத் தடவிப் பார்த்தால் தெரியும். அங்கே துணி இரண்டு அடுக்கு. வெளிச்சட்டை டெரிகாட்டன் என்றால், பெரும்பாலும் உள்ளடுக்கையும் அதிலேயே வெட்டிவிடுவார்கள். அதிலுள்ள பாலியஸ்டர் இழை வியர்வையை உறிஞ்சாது. முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளடுக்கை மட்டும் பருத்தியில் போட்டால் தோளுக்கு ஆறுதல் கிடைக்கும், சட்டை முழுக்க அல்ல. மல் துணி மெல்லியது. ஆனால் தோளில் கருவிப் பை மாட்டுகிறவருக்குச் சீக்கிரம் நைந்துவிடும். அவருக்குக் கேம்பிரிக்தான் சரி.

கடையில் பருத்தி என்று கொடுப்பது பருத்திதானா? ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் போதும். காகிதம் எரிந்த வாடையும் பொடியாகும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உள்ளடுக்கு சுருங்கி, வெளித்துணியை இழுத்து, தோளெல்லாம் சுருக்கமாகிவிடும்.

பாக்கெட்டில்தான் கணக்கு வேண்டும். அவருடைய செல்போன் 6½ இஞ்ச் உயரம், 3 இஞ்ச் அகலம். பழைய பாக்கெட்டின் ஆழம் 5½. ஒரு இஞ்ச் வெளியே நிற்கும் போன், குனிந்தால் தரையில். ஆழம் 7¼ வேண்டும் என்று எழுதலாம். ஆனால் அது தைத்து முடிந்த அளவா, வெட்டும் அளவா என்பதையும் எழுத வேண்டும். வாய் மடிப்புக்கு 1¼, அடித் தையலுக்கு ½ சேர்த்தால், வெட்ட வேண்டிய துணி 9 இஞ்ச். அகலம் 5 இருக்கட்டும். அதில் 1¼ இஞ்சைப் பேனாவுக்கும் டெஸ்டருக்கும் தடுத்துத் தைத்தால், போன் சாய்ந்து ஆடாது.

ஆழத்தைக் கீழ்நோக்கியே கூட்டினால் உட்காரும்போது போன் வயிற்றில் குத்தும். செய்தித்தாளில் பாக்கெட் அளவுக்கு வெட்டி, பழைய சட்டையில் குத்திக்கொண்டு, உட்கார்ந்தும் குனிந்தும் பார்த்தால் வாயை எவ்வளவு மேலே ஏற்றலாம் என்று தெரிந்துவிடும். கனம் முழுவதும் வாயின் இரு மூலைகளில்தான் தொங்கும். அங்கே உள்பக்கம் ஒரு துண்டுத் துணி கொடுத்து முக்கோணத் தையல் போடாவிட்டால், சட்டையே கிழியும்.

இப்போது சீட்டு இப்படி இருக்கும்: "மாஸ்டர், யோக் உள்பக்கம் வெள்ளைக் கேம்பிரிக், நனைச்சு வெட்டுங்க. பாக்கெட் தைச்சு முடிஞ்ச அளவு 7¼க்கு 5, பேனாவுக்கு 1¼ தனி. வாய் இருக்க வேண்டிய இடத்தைப் பழைய சட்டையில சாக்பீஸால கோடு போட்டிருக்கேன். மூலை ரெண்டுலயும் முக்கோணத் தையல்."