மூன்று வந்த பிறகு ஒன்று வருமா?

1994ஆம் ஆண்டு கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்கள். 1, 2, 3, 4, 5 ஆகிய எண்கள் இதே வரிசையில் ஒரு ஸ்டாக்குக்குள் போகின்றன. கீழுள்ளவற்றில் எந்த வரிசையில் அவை வெளியே வர முடியும்? கொடுத்திருந்த நான்கு விடைகள்: 3 4 5 1 2, 3 4 5 2 1, 1 5 2 3 4, 5 4 3 1 2. இதே கேள்வி எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றுவரை கல்லூரித் தேர்வுகளிலும் வேலைக்கான தேர்வுகளிலும் வந்துகொண்டிருக்கிறது.

ஸ்டாக் என்றால் அடுக்கு. கடைசியாக உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். பாத்திர அடுக்கைச் சொல்லி இதை விளக்குவது வழக்கம். எனக்கு முட்டுச்சந்துதான் பொருத்தமாகப் படுகிறது. ஒரு கார் மட்டுமே போகக்கூடிய குறுகலான சந்து. உள்ளே கடைசியில் சுவர். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. வெளியே வரவேண்டுமானால் வாசல் பக்கம் நிற்கும் வண்டி முதலில் பின்னெடுக்க வேண்டும். டொனால்ட் குனூத் 1968இல் வெளியிட்ட தன் நூலின் முதல் தொகுதியில் இதே கணக்கை ரயில் பெட்டிகளை வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒருமுனை அடைபட்ட கிளைத் தண்டவாளத்தில் பெட்டிகளைத் தள்ளி, வேறு வரிசையில் இழுத்தெடுப்பதாகக் கற்பனை. அந்த உவமை டைக்ஸ்ட்ராவுடையது என்றும் அவரே குறிப்பிடுகிறார்.

முதலில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எல்லா எண்களும் உள்ளே போன பிறகுதான் வெளியே எடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியானால் 5 4 3 2 1 என்ற ஒரே வரிசைதான் கிடைக்கும். கேள்விக்கே அர்த்தம் இருக்காது. உண்மையில் எப்போது வேண்டுமானாலும் வாசலில் நிற்பதை வெளியே எடுக்கலாம், பிறகு அடுத்ததை உள்ளே விடலாம். ஒன்றை உள்ளே விட்டவுடனே வெளியே எடுத்து, இப்படியே ஐந்தையும் செய்தால் 1 2 3 4 5 அப்படியே வந்துவிடும். ஒரு முறை வெளியே வந்தது மறுபடி உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

இனி விடைகளைச் சோதிப்போம். 3 4 5 1 2 என்பதில் முதலில் 3 வேண்டும். அதற்காக 1, 2, 3 மூன்றையும் உள்ளே விட்டு 3ஐ எடுக்கிறோம். 4ஐ விட்டு எடுக்கிறோம், 5ஐ விட்டு எடுக்கிறோம். இதுவரை தடையில்லை. அடுத்து 1 வேண்டும். ஆனால் வாசலில் நிற்பது 2. 1 அதற்குப் பின்னால் சுவரோரம் நிற்கிறது. வழியில்லை. 3 4 5 2 1 என்பதும் இதே பாதையில்தான் போகிறது, ஆனால் கடைசியில் முதலில் 2ஐக் கேட்கிறது, பிறகு 1ஐ. இரண்டும் வந்துவிடுகின்றன. விடை அதுதான். 1 5 2 3 4இல் 1 வந்து, பிறகு 5 வந்ததும் வாசலில் 4 நிற்கிறது. நாம் கேட்பதோ 2. 5 4 3 1 2இல் 3 வந்த பிறகு 1ஐக் கேட்கிறோம். 2 மறித்து நிற்கிறது.

தவறிய மூன்றையும் மறுபடி பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய எண் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சின்ன எண்ணைக் கேட்டிருக்கிறார்கள், அதற்கும் பிறகு இடைப்பட்ட எண்ணை. 3 1 2. 5 2 3. 5 1 2. பெரிது, சிறிது, நடுவானது என்ற இந்த வரிசைதான் ஸ்டாக்கால் தர முடியாதது. காரணம் எளியது. பெரியது வெளியே வருகிறது என்றால், அதற்கு முன்பே சின்னதும் நடுவானதும் உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டும் இன்னும் வெளியேறவில்லை என்றால் சந்துக்குள்தான் நிற்கின்றன. சின்னது சுவர் பக்கம், நடுவானது வாசல் பக்கம். நடுவானது நகராமல் சின்னது வர முடியாது.

இது பாதி நிரூபணம்தான். இந்தத் தடை இல்லாத வரிசை எல்லாமே கட்டாயம் கிடைக்குமா? கிடைக்கும். அதைக் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தேவைப்பட்டால் மட்டுமே உள்ளே விடுவது என்று ஒரு கொள்கை வைத்துக்கொள்வோம். கேட்ட எண் வாசலில் இருந்தால் எடுப்போம். இன்னும் நுழையவில்லை என்றால் அது நுழையும்வரை வரிசையாக உள்ளே விடுவோம். நாம் மாட்டிக்கொள்ளும் சூழ்நிலை ஒன்றே ஒன்றுதான்: கேட்ட எண் உள்ளே இருக்கிறது, அதை மறித்து இன்னொன்று நிற்கிறது. மறிப்பது பிறகு நுழைந்தது, ஆகவே கேட்டதைவிடப் பெரியது. அதை நாம் ஏன் உள்ளே விட்டோம்? அதற்காகவே விட்டிருந்தால் உடனே வெளியே எடுத்திருப்போம். ஆக, அதைவிடப் பெரிய ஒன்றை எட்டுவதற்காகத்தான் விட்டிருக்கிறோம். அந்தப் பெரியது ஏற்கெனவே வெளியே போய்விட்டது. பெரியது முன்பே வந்தாயிற்று, இப்போது கேட்பது சிறியது, இனி வரவிருப்பது நடுவானது. மாட்டிக்கொண்டால் அதே தடைதான் காரணம், வேறெதுவும் இல்லை.

இந்த விதியைத் தேர்வில் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு இடங்களில் வழுக்குகிறார்கள். ஒன்று, மூன்று எண்களும் அடுத்தடுத்து இருந்தால்தான் தடை என்று எண்ணுவது. 3 1 4 2ஐப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எந்த மூன்றும் அந்த வடிவில் இல்லை. ஆனால் 3, 1, 2 அங்கே இருக்கின்றன, நடுவே 4 புகுந்திருக்கிறது, அவ்வளவே. 3 வந்த பிறகு 1ஐக் கேட்டால் 2 மறிக்கும். இந்த வரிசை கிடைக்காது. இன்னொன்று, கேள்வி தலைகீழாக வரும்போது குழம்புவது. கலைந்த எண்கள் உள்ளே போய் 1 2 3 என்று ஒழுங்காக வெளியே வருமா என்று கேட்டால் தடையின் வடிவம் மாறிவிடும். அப்போது உள்ளே போகும் வரிசையில் நடுவானது, பெரியது, சிறியது என்று வந்தால்தான் சிக்கல். 2 3 1ஐ விட்டுப் பாருங்கள்: 1 வரும்வரை காத்திருக்க வேண்டியதால் 2இன் மேல் 3 ஏறி உட்கார்ந்துவிடும். எது உள்ளே போவது, எது வெளியே வருவது என்பதைக் கேள்வியில் முதலில் அடிக்கோடிட்டுக்கொள்வது நல்லது. எந்த வடிவம் எதற்கு என்று சந்தேகம் வந்தால் மூன்று எண்களை வைத்து ஒரு முறை செய்துபார்த்தால் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும்.

எத்தனை வரிசைகள் கிடைக்கும் என்பதற்கும் சந்தே பதில் சொல்கிறது. 1 எப்போது வெளியே வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். அது சுவரோரம் நிற்பது. அது வெளியே வந்த கணத்தில் சந்து காலி. ஐந்து எண்களில் 1 மூன்றாவதாக வருகிறது என்றால், அதற்கு முன் வந்தவை 2, 3 ஆகத்தான் இருக்க முடியும். பின்னால் வருபவை 4, 5. முன்னவை இரண்டு விதமாக வரலாம், பின்னவையும் இரண்டு விதமாக வரலாம், மொத்தம் நான்கு. இப்படியே 1இன் ஐந்து இடங்களுக்கும் எண்ணினால் 14, 5, 4, 5, 14. கூட்டினால் 42. ஐந்து எண்களை 120 விதமாக அடுக்கலாம். அவற்றில் 78ஐ ஸ்டாக்கால் தர முடியாது. பத்து எண்களுக்குப் போனால் 36,28,800 வரிசைகளில் 16,796 மட்டுமே கிடைக்கும். 1, 2, 5, 14, 42, 132 என்று வளரும் இந்த எண்களுக்கு பெல்ஜியக் கணிதவியலாளர் கேட்டலனின் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கு வெகு முன்பே, 1751இல், ஆய்லர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதே எண்கள் வந்திருக்கின்றன. அவர் எண்ணியது, ஒரு பலகோணத்தை ஒன்றையொன்று வெட்டாத கோடுகளால் முக்கோணங்களாகப் பிரிக்கும் வழிகளை. ஏழு பக்கம் கொண்ட உருவத்தை அப்படிப் பிரிக்க 42 வழிகள்.