டைல்ஸ் இடுக்கு கறுப்பது ஏன்?

சமையல் மேடைக்குப் பின்சுவரில் வெள்ளை டைல்ஸ் ஒட்டி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. டைல்ஸ் பளிச்சென்றுதான் இருக்கும். இடையில் ஓடும் கோடுகள் மட்டும் அடுப்புப் பக்கம் செம்பழுப்பாக மாறியிருக்கும். சாம்பாரில் போட்டது மஞ்சள்தூள்தானே, கறை ஏன் சிவக்கிறது? ஆரத்தி கரைத்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும்: மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். சிமென்ட் தண்ணீரோடு கூடி இறுகும்போது அதற்குள் சுண்ணாம்பு உண்டாகிறது. தாளிப்பில் தெறித்த எண்ணெய் மஞ்சளின் சாயத்தைக் கரைத்து இடுக்குக்குள் கொண்டுபோகிறது. இடுக்கில் இருப்பது புதிய சிமென்ட் என்றால் நிறம் மாறிவிடுகிறது.

இடுக்கை நிரப்பும் இந்தக் கலவையைத்தான் கிரவுட் என்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இருப்பது சிமென்ட் கிரவுட். சிமென்ட், நைசான மணல் அல்லது சுண்ணாம்புக்கல் பொடி, நிறப்பொடி ஆகியவை கலந்த பவுடர் அது. நல்ல வகைகளில் பாலிமரும் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றிக் குழைத்து இடுக்கில் தேய்த்தால் இறுகிவிடும்.

சிக்கல் தொடங்குவது அந்தத் தண்ணீரில்தான். சிமென்ட் இறுகுவதற்கு வேண்டியது கொஞ்சம் தண்ணீர். அதற்கு மேல் ஊற்றியதெல்லாம் பின்னால் ஆவியாகி வெளியேறும்போது, இருந்த இடத்தைக் காலியாக விட்டுப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைகள் வழியாகத்தான் பின்னாளில் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரின் உப்பும் உள்ளே போகின்றன. எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் ஒரு கிலோ பவுடருக்குக் கால் லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் அளந்து ஊற்றுபவர்கள் குறைவு. கலவை இளகினால் கை வேகமாக ஓடும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றிவிடுகிறார்கள். பிறகு சொட்டச் சொட்ட நனைந்த ஸ்பாஞ்சால் துடைக்கும்போது நிறப்பொடியும் கரைந்து போகிறது. ஒரே பாக்கெட் கிரவுட் ஓர் இடத்தில் அடர்த்தியாகவும் இன்னோர் இடத்தில் வெளிறியும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறதென்றால், தண்ணீர் கூடிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

எபாக்ஸி கிரவுட்டில் தண்ணீருக்கு வேலையே இல்லை. ரெசின், அதை இறுக்கும் ஹார்டனர், குவார்ட்ஸ் பொடி மூன்றும் சேர்ந்து வேதிவினையில் கெட்டியாகின்றன. ஆவியாக எதுவும் வெளியேறாததால் துளைகளும் அநேகமாக இல்லை. கிரவுட்டுக்கான ஐரோப்பியத் தரவிதி இந்த வேறுபாட்டை எடைபோட்டுச் சொல்கிறது. வார்த்து இறுகிய கட்டியை நான்கு மணி நேரம் தண்ணீரில் நிறுத்தினால், சாதாரண சிமென்ட் வகை 10 கிராம் வரை உறிஞ்சலாம். எபாக்ஸி வகை 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. நூறு மடங்கு வித்தியாசம்!

குளியலறைக் கறுப்பு வேறு வகை. சோப்புப் படலத்தையும் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று பூஞ்சை வளர்கிறது. எபாக்ஸியின் மேலும் பூஞ்சை படியும். ஆனால் வேர்விட இடமில்லாததால் பிரஷ் போட்டால் போய்விடும். சிமென்ட் இடுக்கில் அது துளைக்குள் இறங்கிவிடுகிறது. உடனே பலர் கையில் எடுப்பது ஆசிட். ஆசிட் கறையை மட்டும் கரைப்பதில்லை, சிமென்ட்டையும் சேர்த்துக் கரைக்கிறது. கழுவிய அன்று இடுக்கு வெள்ளையாக இருக்கும். ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, முன்னைவிட வேகமாக அழுக்கைப் பிடிக்கும். பூஞ்சைக்கு நீர்த்த பிளீச்சே போதும். ஆசிட்டையும் பிளீச்சையும் மட்டும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

எல்லாக் கறுப்பும் மேலிருந்து வருவதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 40 சதுர அடியில் ஒரு குளியலறைத் தரையை எடுத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு ஓர் அடி டைல்ஸ், சிமென்ட் கிரவுட், தண்ணீர் வடியும் ஜாலியைச் சுற்றி இடுக்கெல்லாம் கறுப்பு. வீட்டுக்காரர் எபாக்ஸி போடச் சொல்கிறார். வந்தவரும் பழைய கிரவுட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மெல்லியதாகப் பூசிவிட்டுப் போகிறார். சில மாதங்களில் அது தோல் உரிவதுபோல உரியும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் உலரவிட வேண்டும். சுவரோரத்து இடுக்குகள் வெளிறி, ஜாலியைச் சுற்றி மட்டும் ஈரக் கறுப்பு அப்படியே நின்றால், தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் அந்த டைல்ஸ் 'டொக்கு டொக்கு' என்று வெற்றுச் சத்தம் தரக்கூடும். கலவையை முழுக்கப் பரப்பாமல் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் அப்பி ஒட்டினால், இடையில் தண்ணீர் தங்கும் பள்ளங்கள் உண்டாகிவிடும். மிதிக்கும்போது டைல்ஸ் அசையும், இடுக்கு விரியும். இந்த விரிசலை எபாக்ஸியாலும் தடுக்க முடியாது. அந்த டைல்ஸைப் பெயர்த்து, ஜாலியைச் சுற்றி வாட்டர்புரூஃப் பூச்சைச் சரிசெய்து, கலவையை முழுக்கப் பரப்பி மறுபடி ஒட்ட வேண்டும். கிரவுட் எதுவானாலும் அது வாட்டர்புரூஃபிங் ஆகாது.

அதன்பின் எபாக்ஸி. பழைய கிரவுட்டை இடுக்கின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது சுரண்டி எடுத்து, தூசி நீக்கி, ஈரமில்லாமல் காயவைத்து நிரப்ப வேண்டும். இடுக்கு 3 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் ஆழம் என்றால் இந்த 40 சதுர அடிக்குச் சுமார் ஒரு கிலோ போதும். எபாக்ஸியின் விலை சிமென்ட் கிரவுட்டைப்போலப் பல மடங்கு என்றாலும், குளியலறைத் தரைக்கு மட்டும் போடுவது பெருஞ்செலவல்ல. கவனம் வேண்டியது நேரத்தில்தான். நம் ஊர் வெயிலில் கலந்த எபாக்ஸி வேகமாக இறுகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். ரெசினும் ஹார்டனரும் பாக்கெட்டில் சொன்ன விகிதத்தில் இருக்க வேண்டும். டைல்ஸ் மேல் படிந்த பிசுக்கை அன்றே துடைக்காவிட்டால், மறுநாள் அது மங்கலான படலமாக ஒட்டிக்கொள்ளும். பல வீடுகளில் எபாக்ஸிக்குக் கெட்ட பெயர் வந்தது இந்தப் படலத்தால்தான்.

தரையும் சுவரும் சேரும் மூலையில் வரும் விரிசலுக்கு இரண்டுமே மருந்தல்ல. அங்கே இரு பரப்பும் தனித்தனியாக அசைவதால் சிலிகான் சீலன்ட்தான் போட வேண்டும். இடைவெளியே விடாமல் டைல்ஸை ஒட்ட ஒட்ட வைப்பதும் தவறு. கிரவுட் உள்ளே இறங்காமல் மேலோடு நின்று, பிறகு செதிலாகப் பெயரும்.

ஹால், படுக்கையறைக்குச் சிமென்ட் கிரவுட்டே தாராளமாகப் போதும். வெயில் படும் மொட்டை மாடியில் வெளிர் நிற எபாக்ஸி மஞ்சளாகிவிடும் என்பதால் அங்கேயும் பாலிமர் கலந்த சிமென்ட் கிரவுட்தான் நல்லது. எபாக்ஸிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாத இடங்கள் குளியலறைத் தரை, சமையல் மேடை, அதன் பின்சுவர், பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரம். ஆனால் எபாக்ஸிக்கு ஆள் கூப்பிடும் முன் அந்த இரண்டு நாள் சோதனையைச் செய்துவிடுங்கள். அடியில் ஈரம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.